பூட்டிய இ-வாலட்டும் பழைய கடப்பிதழும்

காலை நிகழ்ச்சி முடிந்ததும் நிலையத்துக்குப் பக்கத்து உணவகத்தில் ஒரு தே தாரேக் குடிப்பது என் வழக்கம். அங்கே ரொட்டி சானாய் போடும் அண்ணன் இராமநாதபுரத்துக்காரர். பதினோரு வருடமாக மலேசியாவில் இருக்கிறார். போன மாதம் ஒரு திங்கட்கிழமை, மாவு ஒட்டிய கையோடு கைப்பேசியை நீட்டினார்.

“தங்கச்சி, இதக் கொஞ்சம் படிச்சுச் சொல்லுங்க. காசு போயிருச்சாம்மா?”

அவருடைய இ-வாலட்டில் ஒரு சிவப்புப் பட்டை. கொடுத்த அடையாள ஆவணம் காலாவதியாகிவிட்டது, அதைப் புதுப்பிக்கும்வரை கணக்கு கட்டுப்படுத்தப்படுகிறது என்று ஆங்கிலத்தில் இருந்தது. அதற்குக் கீழே இருப்பு: 1,340 வெள்ளி 50 காசு. ஊரில் மகளின் கல்லூரிக் கட்டணத்துக்காக இரண்டு மாதமாகச் சேர்த்தது. கட்டணத்துக்குக் கெடு அடுத்த வெள்ளிக்கிழமை.

“காசு அப்படியேதான் இருக்குண்ணே. எடுக்கத்தான் முடியாது” என்றேன்.

அந்த ஒரு வரி சரிதான். அதன் பிறகு நான் சொன்ன யோசனை தவறு. அதனால்தான் இந்த வாரப் பத்தியே.

முதலில், ஏன் இப்படி நடக்கிறது? பணமோசடித் தடுப்புச் சட்டப்படி, இ-வாலட் நிறுவனம் தன் வாடிக்கையாளர் யார் என்பதைத் தெரிந்து வைத்திருக்க வேண்டும். கணக்குத் திறக்கும் அன்று மட்டும் இல்லை, கணக்கு இருக்கும் காலம் முழுவதும். அதனால் கடப்பிதழைக் காட்டித் திறந்த கணக்கில் அதன் காலாவதித் தேதியும் பதிவாகிவிடும். அந்தத் தேதி தாண்டியதும் கதவு மூடுகிறது. அண்ணன் விஷயத்தில் பணம் அனுப்ப, நிரப்ப, கடையில் கட்ட எதுவுமே முடியவில்லை. சில இ-வாலட்டுகளில் கடையில் கட்ட மட்டும் விடுவார்கள்.

ஆனால் கதவு மூடியது என்றால் பணம் நிறுவனத்துக்குச் சொந்தமாகிவிட்டது என்று பொருள் இல்லை. வாடிக்கையாளர்களின் பணத்தை நிறுவனம் தன் சொந்தப் பணத்தோடு கலக்காமல் தனியே வைத்திருக்க வேண்டும் என்பது பேங்க் நெகாராவின் விதி. இருப்பு உங்கள் பேரில்தான் நிற்கிறது. நீங்கள்தான் அந்த ஆள் என்று மறுபடி காட்டுவது மட்டுமே பாக்கி.

அண்ணனிடம் புதுக் கடப்பிதழ் இருந்தது. மூன்று மாதத்துக்கு முன்பே தூதரகம் வழி புதுப்பித்துவிட்டார். அப்படியானால் சுலபம் என்று நினைத்து, “புதுக் கடப்பிதழை வச்சுப் புதுசா ஒரு கணக்குத் திறந்திடுவோம்ணே” என்றேன். இன்னொரு சிம் போட்டுப் பதிந்தோம். முகத்தைப் படம் பிடிக்கும் கட்டத்தில் நின்றுவிட்டது. இந்த முகத்துக்கு ஏற்கெனவே ஒரு கணக்கு இருக்கிறதாம். புதுக் கணக்கும் இல்லை, பழைய கணக்கும் இல்லை.

ஒருவேளை புதுக் கணக்கு திறந்திருந்தாலும், அந்த 1,340 வெள்ளி தானாக அதற்குள் வந்திருக்காது. அது பழைய எண்ணில் தனியே நின்றிருக்கும். இருப்பை இழப்பவர்கள் பெரும்பாலும் இந்த வழியில்தான் இழக்கிறார்கள். யாரும் எடுத்துப் போவதில்லை. இவர்களே அதை விட்டு நகர்ந்துவிடுகிறார்கள். ஆகவே பழைய கணக்கை மூடாதீர்கள். செயலியை அழிக்காதீர்கள். முக்கியமாக, அந்தக் கணக்கில் பதிந்த சிம் கார்டைச் சாகவிடாதீர்கள். எல்லா உறுதிக் குறியீடும் அந்த எண்ணுக்குத்தான் வரும். ப்ரீபெய்ட் என்றால் முதல் வேலையாக அதில் காசு போடுங்கள்.

மறுநாள் நிதானமாக உட்கார்ந்தோம். சிவப்புப் பட்டை உள்ள பக்கம், இருப்பு, கடைசிப் பத்துப் பரிமாற்றம் எல்லாவற்றையும் திரைப்படம் பிடித்தோம். பிறகு பேச்சு எப்படிப் போனாலும், அன்று எவ்வளவு இருந்தது என்பதற்கு அதுதான் அத்தாட்சி. அந்தக் கணக்குக்குக் காசு அனுப்பும் வழக்கமுள்ள கூட்டாளிகளிடம், இப்போதைக்கு அனுப்ப வேண்டாம் என்றும் சொல்லச் சொன்னேன்.

அடுத்து, செயலிக்குள் நாமே போய்ச் சுயவிவரப் பக்கத்தில் ஆவணம் புதுப்பிக்கும் இடத்தைத் திறந்தோம். குறுஞ்செய்தியிலோ வாட்ஸ்அப்பிலோ வந்த இணைப்பு வழியாக இல்லை. புதுக் கடப்பிதழின் படப் பக்கத்தை எடுத்து அனுப்பினோம். பத்து நிமிடத்தில் நிராகரிப்பு. படம் மங்கலோ, விளக்கு வெளிச்சம் பட்டதோ என்று மறுபடி வெயிலில் வைத்து எடுத்தோம். மறுபடி நிராகரிப்பு. “விவரங்கள் பொருந்தவில்லை” என்று காரணம் போட்டிருந்தது.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. நம் அடையாள அட்டையை எத்தனை முறை மாற்றினாலும் எண் மாறாது. கடப்பிதழ் அப்படி இல்லை. இந்தியக் கடப்பிதழைப் புதுப்பித்தால் புதிய எண்தான் வரும். செயலிக்குத் தெரிந்தது பழைய எண். நாம் காட்டியது புதிய எண். இயந்திரத்தின் கணக்கில் இவர் வேறு ஆள். தேதி மட்டும் மாறியிருந்தால், அதாவது அதே கடப்பிதழில் வேலை பெர்மிட்டை நீட்டியிருந்தால், அந்தப் பக்கத்திலேயே வேலை முடிந்திருக்கும். எண் மாறினால் ஒரு மனிதர் உட்கார்ந்து பார்த்துத்தான் மாற்ற வேண்டும். திரும்பத் திரும்ப அனுப்பிப் பயனில்லை. இரண்டு முறைக்கு மேல் அதே காரணம் வந்தால் நிறுத்திவிட வேண்டும்.

சரி, இவரும் அவரும் ஒரே ஆள் என்று எப்படிக் காட்டுவது? விடை அவர் சட்டைப் பையிலேயே இருந்தது. இந்தியக் கடப்பிதழின் கடைசிப் பக்கத்தைப் பாருங்கள். பெற்றோர் பெயர், முகவரிக்குக் கீழே, பழைய கடப்பிதழின் எண்ணும் அது கொடுக்கப்பட்ட தேதியும் இடமும் அச்சாகியிருக்கும். பழைய எண்ணையும் புதிய எண்ணையும் ஒரே தாளில் சேர்த்துக் காட்டும் அரசாங்கச் சான்று அதுதான். படப் பக்கத்தை மட்டும் அனுப்பினால் இந்தத் தொடர்பு யாருக்கும் தெரியாது.

செயலியின் உதவி மையத்துக்கு ஆங்கிலத்தில் ஒரு கடிதம் எழுதினேன். பதிந்த கைப்பேசி எண், கடப்பிதழில் உள்ளபடி பெயர், பழைய எண், புதிய எண், அன்றைய இருப்பு. கேட்பது ஒன்றே: எண்ணை மாற்றி, கட்டுப்பாட்டை நீக்குங்கள். கூடவே நாலு படம்: புதியதன் படப் பக்கம், அதன் கடைசிப் பக்கம், ரத்து முத்திரை விழுந்த பழையதன் படப் பக்கம், செல்லுபடியாகும் பெர்மிட். முதல் நாள் நாங்கள் இன்னொரு சிம்மில் பதியப் பார்த்ததையும் மறைக்காமல் எழுதினேன். அவர்கள் பதிவில் அது எப்படியும் இருக்கும். நாமே சொல்லிவிட்டால் சந்தேகம் குறையும். அனுப்பியதும் ஒரு புகார் எண் வந்தது. அதை அண்ணன் கல்லாப் பக்கத்துச் சுவரிலேயே எழுதி வைத்துவிட்டார்.

அதற்கிடையில் கடைக்கு வரும் ஒருவர், “நூத்தம்பது வெள்ளி கொடுங்க, ஒரு நாள்ல திறந்து தர்றேன்” என்று சொல்லி, கைப்பேசியையும் ஆறு இலக்க எண்ணையும் கேட்டிருக்கிறார். அண்ணன் கொடுக்கப் போனார். கெடு நெருங்குகிறதே என்ற பயம்.

“அண்ணே, அந்த ஆறு நம்பர்தான் உங்க சாவி. அதக் கொடுத்தா கணக்கு திறக்கிற அன்னிக்கே காசு அவர் கைக்குப் போயிரும்” என்றேன்.

நிறுவனத்தில் ஆவணம் புதுப்பிக்கக் கட்டணமும் இல்லை, எந்த அதிகாரியும் உங்கள் பின் எண்ணையோ உறுதிக் குறியீட்டையோ கேட்பதும் இல்லை. கேட்டால் அவர் நிறுவனத்து ஆள் இல்லை. தெரியாமல் கொடுத்துப் பணம் நகர்ந்துவிட்டால், உடனே 997 என்ற தேசிய மோசடி எதிர்ப்பு மைய எண்ணுக்கு அழைக்க வேண்டும். மறுநாள் பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளக் கூடாது.

வியாழக்கிழமை பதில் வந்தது. கடப்பிதழை முகத்துக்குப் பக்கத்தில் பிடித்தபடி ஒரு படம் வேண்டுமாம். தொப்பியைக் கழற்றி, கடை வாசலில் எடுத்து அனுப்பினோம். வெள்ளி, சனி, ஞாயிறு ஒன்றும் இல்லை. திங்கட்கிழமை அதே புகார் எண்ணைப் போட்டு ஒரு நினைவூட்டல் அனுப்பினேன். புதிதாக இன்னொரு புகார் போடவில்லை. போட்டால் கோப்பு இரண்டாகி, இரண்டுமே தாமதமாகும்.

புதன்கிழமை மத்தியானம் அண்ணன் நிலையத்துக்கே வந்துவிட்டார். சிவப்புப் பட்டை இல்லை. இருப்பு 1,340 வெள்ளி 50 காசு, ஒரு காசு குறையவில்லை. மொத்தம் ஒன்பது நாள். அன்றே ஊருக்கு அனுப்பினார். வெள்ளிக்கிழமைக் கெடுவுக்கு இரண்டு நாள் மிச்சம். முதலாளியிடம் கேட்டு வைத்திருந்த முன்பணத்தைத் தொடவே இல்லை.

திறக்காமல் போயிருந்தால் என்ன செய்வது என்று கேட்பீர்கள். கணக்கை மூடி இருப்பைத் திருப்பித் தரும்படி எழுத்தில் கேட்கலாம். அப்போது உங்கள் பெயரிலேயே உள்ள வங்கிக் கணக்கைக் கொடுங்கள். முதலாளியின் கணக்கு, கூட்டாளியின் கணக்கு என்றால் பெயர் பொருந்தாமல் திரும்பிவிடும். ஆகவே சம்பளம் போகும் வங்கியிலும் புதுக் கடப்பிதழ் எண்ணைக் கையோடு மாற்றி வைப்பது நல்லது. நிறுவனம் மசியவில்லை என்றால் பேங்க் நெகாராவின் தொலைபேசிச் சேவைக்கு 1-300-88-5465 என்ற எண்ணில் சொல்லலாம். அதற்கும் மேலே, 2025 ஜனவரி முதல் செயல்படும் நிதிச் சந்தைகள் குறைதீர்ப்புச் சேவை இருக்கிறது. இரண்டு இடத்திலும் முதலில் கேட்பது, நிறுவனத்திடம் எழுத்தில் புகார் செய்தீர்களா என்பதைத்தான். சுவரில் எழுதிய அந்தப் புகார் எண் அங்கேதான் உதவும்.

இப்போது அந்தக் கடையில் வேலை செய்யும் ஆறு பேரின் கடப்பிதழ்த் தேதியையும் அண்ணன் ஒரு தாளில் எழுதி ஒட்டியிருக்கிறார். யாருக்குப் புதுக் கடப்பிதழ் கைக்கு வந்தாலும், பழைய தேதி முடிவதற்குள், கணக்கு இன்னும் திறந்திருக்கும்போதே இ-வாலட்டுக்கு எழுதிவிட வேண்டும் என்பது அவர் போட்ட சட்டம். அதுவரை பெரிய தொகையை அதில் தேக்கி வைக்கக் கூடாது என்பது இன்னொரு சட்டம்.

“பழசத் தூக்கிப் போட்றாதீங்கடா, ரெண்டையும் சேத்தே வைங்க” என்று இளைய பையன்களிடம் சொல்லிக்கொண்டிருந்தார். ரப்பர் போட்டுக் கட்டிய இரண்டு கடப்பிதழும் அவர் பெட்டியில்தான் இருக்கின்றன. என் தே தாரேக்குக்கு அன்று காசு வாங்க மாட்டேன் என்றார். வாங்க வைத்துவிட்டுத்தான் வந்தேன்.