போலி மெமரி கார்டு வந்தால் 'ரீப்ளேஸ்மென்ட்' வேண்டாம்... ரீஃபண்ட் கேளுங்கள்!

போன மாசம் ஒரு ஆன்லைன் தளத்தில், பிரபல பிராண்டின் 256 ஜிபி மெமரி கார்டு வாங்கினேன். விலை 1,400 ரூபாய். விற்றது அந்தத் தளம் அல்ல, அதில் கடை விரித்திருக்கும் ஒரு செல்லர். போனில் போட்டதும் 238 ஜிபி என்று காட்டியது. அதுதான் சரியான கணக்கு, அதனால் சந்தேகமே வரவில்லை. ரெண்டு வாரம் கழித்து, புதிதாக எடுத்த வீடியோ ஒன்றுகூட ஓடவில்லை.

லேப்டாப்பில் H2testw என்ற இலவச மென்பொருளில் சோதித்தேன். கார்டு நிரம்பும் வரை ஃபைல்களை எழுதி, எழுதியதை அப்படியே திரும்பப் படிக்க முடிகிறதா என்று அது பார்க்கும். பல மணி நேரம் கழித்து வந்த பதில்: உருப்படியாகச் சேமிக்க முடிந்தது 29 ஜிபி மட்டும். 32 ஜிபி கார்டுதான் 256 என்று பொய் சொல்லியிருக்கிறது!

கஸ்டமர் கேரில், "ஃபார்மேட் பண்ணிப் பாருங்க சார், இல்லன்னா ரீப்ளேஸ்மென்ட் தர்றோம்" என்றார்கள். இங்கேதான் பலரும் ஏமாறுகிறோம். பழுதான பொருளை மாற்றித் தரலாம். போலியை மாற்றினால், அதே செல்லரிடமிருந்து இன்னொரு போலிதான் வரும். புகாரும் 'பழுது' என்றே பதிவாகும்.

எனவே ரிட்டர்ன் காரணத்தில் 'வேலை செய்யவில்லை' என்பதைத் தேர்வு செய்யாதீர்கள். 'போலிப் பொருள்' என்பதையே தேர்ந்தெடுங்கள். அந்த ஆப்ஷன் இல்லையென்றால் அதை எழுத்தில் சொல்லுங்கள். சோதனை முடிவின் ஸ்கிரீன்ஷாட், கார்டு மற்றும் பேக்கிங்கின் போட்டோ, செல்லர் பெயருள்ள பில் மூன்றையும் இணையுங்கள். பொருளைத் திருப்பி அனுப்பும் முன்பே இதையெல்லாம் எடுத்துவிடுங்கள்.

2020-ன் மின் வணிக விதிகளின்படி, போலிப் பொருளுக்குப் பணத்தைத் திருப்பித் தர செல்லர் மறுக்கக் கூடாது. தளத்தின் குறைதீர் அதிகாரி 48 மணி நேரத்துக்குள் புகாரைப் பெற்றதாக உறுதி செய்து, ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும். நான் அந்த அதிகாரிக்கு மெயில் போட்ட ஆறாவது நாள் பணம் வந்தது. வராவிட்டால் 1915-க்கு அழைக்கலாம். அடுத்து, நீங்கள் வசிக்கும் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்கே போகலாம். 5 லட்சம் ரூபாய் வரையிலான பொருளுக்குக் கட்டணம் கிடையாது.

ஆனால், என் கோபம் தீரவில்லை. டிரேட்மார்க், பதிப்புரிமைச் சட்டங்களின்படி நீக்கப்பட்ட பொருட்களைத் திரும்பத் திரும்ப விற்கும் செல்லர்களின் பட்டியலைப் பராமரிக்கத் தளங்கள் நியாயமான முயற்சி எடுக்க வேண்டும் என்கிறது அதே விதி. அவர்களை வெளியேற்றுவதோ, தளத்தின் விருப்பம்! என் பணம் வந்த பிறகும், அந்தக் கார்டு அதே பக்கத்தில் விற்பனையில்தான் இருக்கிறது. அந்த 'விருப்பம்' கட்டாயமாகும் வரை, ரீஃபண்ட் கேட்கத் தெரியாதவரின் பணத்தில்தான் இந்த வியாபாரம் நடக்கும்.