முகத்தின் துளைகளுக்குக் கதவு இல்லை

2021 மே மாதத்தில், கொரோனாவின் இரண்டாம் அலை உச்சத்தில் இருந்தபோது, தமிழ்நாட்டில் பொது இடங்களிலேயே ஆவி பிடிக்கும் ஏற்பாடுகள் செய்யப்பட்டன. தொற்று பரவக்கூடும் என்று கூறி அமைச்சர் மா. சுப்பிரமணியன் அவற்றைக் கைவிடுமாறு வேண்டினார். நொச்சி இலையிட்டுப் போர்வைக்குள் வேது பிடிப்பது சென்னையிலிருந்து எல்லைக்கு அப்பாலுள்ள நாகலாபுரம் வரை தமிழர் வீடுகளுக்குப் பழக்கமானதுதான். அது சளிக்குச் செய்யப்பட்டது. இன்று அதே ஆவி முகப்பொலிவுக்கும், அதைத் தொடர்ந்து ஐஸ் கட்டியைத் தேய்ப்பது 'துளைகளை மூடுவதற்கும்' பரிந்துரைக்கப்படுகின்றன.

ஆவி துளைகளைத் திறக்கும், குளிர் அவற்றை மூடும் என்பதே இவ்விணைப்பின் அடிப்படை நம்பிக்கை. இது உடலியலுக்குப் பொருந்தாது. முகத்துளை என்பது மயிர்க்கால் தோலின் மேற்பரப்பில் திறக்கும் வாய். அதைத் திறந்து மூடும் தசை ஏதும் அங்கில்லை. வெப்பம் துளையில் உறைந்த எண்ணெய்ப் பசையை இளக்குகிறது, மேல்தோலை ஊற வைக்கிறது. கரும்புள்ளிகளை எடுப்பது அப்போது சற்று எளிதாகும் என்பது உண்மையே. ஆவி பிடித்தவுடன் தெரியும் மினுமினுப்பு, ஊறிய தோலும் விரிந்த இரத்தக் குழாய்களும் தருவது. சிறிது நேரத்தில் மறைந்துவிடும்.

இந்தச் சிறு பயனுக்குக் கொடுக்கப்படும் விலை தோலுக்குத் தோல் வேறுபடுகிறது. கொதிநிலையிலுள்ள ஒரு கிராம் நீர் உடல் வெப்பநிலைக்குக் குளிரும்போது ஏறத்தாழ 63 கலோரி வெப்பத்தை விடுகிறது. ஒரு கிராம் நீராவியோ, தோலில் பட்டு நீராக மாறும்போதே சுமார் 540 கலோரியை விடுகிறது. பாத்திரத்துக்கு மேலே எழும் ஆவியில் காற்று கலந்திருப்பதால் அது பெரும்பாலும் தாங்கத்தக்கதாக இருக்கிறது. போர்வையும் நெருக்கமும் அந்தப் பாதுகாப்பைக் குறைத்துவிடுகின்றன. வெளிர்ந்த தோலில் பாதிப்பு உடனே சிவப்பாகத் தெரியும். மாநிறத்திலும் கருநிறத்திலும் சிவப்பு எளிதில் புலப்படாது. எரிச்சலையும் இறுக்கத்தையும் பொருட்படுத்தாமல் விட்டவர், சில வாரங்களில் அதே இடத்தில் பழுப்புக் கறையைக் காண்கிறார். கன்னத்தில் மங்கு உள்ளவர்களுக்கு வெப்பமே அதை அடர்த்தியாக்கக்கூடும்.

ஐஸ் கட்டிக்கு இன்னும் எளிதாக நற்சான்று கிடைக்கிறது. கண்ணருகே உள்ள வீக்கத்தையும் சீழ்ப்பருவின் வலியையும் அது சிறிது நேரம் தணிக்கும். ஆனால் உறைபெட்டியிலிருந்து எடுத்த கட்டியின் வெப்பநிலை, உருகத் தொடங்கும் வரை, சுழியத்துக்கும் வெகுவாகக் கீழே இருக்கும். ஈரமான தோலில் ஒட்டிக்கொள்ளவும் செய்யும். ஒரே இடத்தில் அழுத்தி வைத்தால் உறைபுண் ஏற்படலாம். சிலருக்குக் குளிரே தடிப்பை வரவழைக்கும். அதைக் கண்டறிய மருத்துவர்கள் முன்கையில் ஐந்து நிமிடம் ஐஸ் கட்டி வைத்து, எடுத்துப் பத்து நிமிடம் கழித்துப் பார்க்கிறார்கள். மருத்துவமனையில் கண்காணிப்போடு கையில் செய்யும் சோதனையை அறியாமலேயே முகத்தில் செய்துகொள்பவர்கள் பலர்.

பேசப்படாத இன்னொரு காரணமும் உண்டு. 'உணர்திறன் மிக்க தோல்' பிறவியிலேயே வருவது என்று எண்ணுகிறோம். நம் நாட்டில் அது பல நேரங்களில் மருந்துக்கடையில் வாங்கப்படுகிறது. ஒரு மாணவியை எண்ணிப் பாருங்கள். நிறம் கூடுவதற்கென்று யாரோ சொன்ன களிம்பை மாதக்கணக்கில் பூசுகிறாள். அதில் ஸ்டீராய்டு இருக்கிறது. முதலில் முகம் தெளிகிறது. பிறகு தோல் மெலிகிறது, நுண்குழாய்கள் விரிகின்றன, பரு கிளம்புகிறது. களிம்பை நிறுத்தினால் எரிகிறது. எரிச்சலை அழுக்கு என்று கருதி வாரம் மூன்று முறை பத்து நிமிடம் ஆவி, உடனே ஐஸ். ஏற்கெனவே விரிந்த குழாய்கள் வெப்பத்தில் மேலும் விரிகின்றன. குளிர் அவற்றைச் சுருக்கினாலும், கட்டியை எடுத்தபின் அவை மீண்டும் விரிகின்றன. ஆறுதல் தற்காலிகம் என்பதால் அவள் அடிக்கடி தேய்க்கிறாள்.

2018இல் நடுவண் அரசு 14 ஸ்டீராய்டு பூச்சு மருந்துகளை மருத்துவர் சீட்டின்றி விற்கக்கூடாத பட்டியலில் சேர்த்தது. சட்டம் அவ்வாறிருந்தும், தோல் மருத்துவர்கள் இத்தகைய முகங்களை இன்றும் காண்கிறார்கள். ஆவியும் ஐஸும் குறித்த அறிவுரைகள் இந்த முன்கதையைக் கேட்பதே இல்லை என்பதுதான் அவற்றின் பெருங்குறை.

அந்த மாணவிக்கு முதலில் வேண்டியது இரண்டையும் நிறுத்துவது. வெதுவெதுப்பான நீர், நறுமணமற்ற ஈரப்பதமூட்டி, வெயிலுக்குக் காப்பு. எரிச்சல் மிகுந்தால் குளிர்ந்த நீரில் நனைத்துப் பிழிந்த துணி. களிம்பைத் திடீரென விடுவதா, படிப்படியாகக் குறைப்பதா என்பதை மருத்துவர் முடிவு செய்ய வேண்டும். ஆதலால் அவள் அந்தக் குழாயைத் தூக்கி எறியாமல் மருத்துவரிடம் கொண்டுசெல்வது நல்லது. அதன் பின்புறத்தில் குளோபெட்டசால், பீட்டாமெத்தசோன், மொமெட்டசோன் ஆகிய பெயர்களில் ஒன்று இருக்கக்கூடும்.