பதிவில் ஏறாத உழைப்பு: பட்டறை இளைஞர்களும் இயந்திரத் தொழிற்சான்றிதழும்

கோவையின் கணபதியிலும் பீளமேட்டிலும் உள்ள சிறு பட்டறைகளில் பத்தாம் வகுப்பு முடித்த இளைஞர்கள் 'ஹெல்பர்' என்ற பெயரில் சேர்கிறார்கள். சில ஆண்டுகளில் கணினிவழி இயங்கும் சி.என்.சி. கடைசல் இயந்திரத்தைத் தனியாகவே ஓட்டுகிறார்கள். ஆயினும் அரசின் பார்வையில் அவர்கள் தொழில் அறியாதவர்களாகவே நிற்கிறார்கள். இதற்குத் திறமைக் குறைவு காரணமன்று என்பதே நம் கருத்து. அவர்கள் பழகிய காலம் எந்தப் பதிவேட்டிலும் ஏறவில்லை.

இத்தொழிலில் வழங்கப்படும் சான்றுகளை முதலில் பிரித்தறிய வேண்டும். ஐ.டி.ஐ.யில் மெஷினிஸ்ட் அல்லது டர்னர் பிரிவில் ஈராண்டு பயின்று தேர்ச்சி பெறுவோருக்குத் தேசிய தொழிற்சான்றிதழ் கிடைக்கிறது. தொழிற்பழகுநர் சட்டம், 1961-இன் கீழ் பதிவுபெற்ற ஒப்பந்தத்துடன் ஆலையில் பழகி, தேர்வும் எழுதியவருக்குத் தேசிய தொழிற்பழகுநர் சான்றிதழ் கிடைக்கிறது. இவ்விரண்டையும் இரயில்வே ஏற்கிறது. அதன் கடைநிலைப் பணிகளில் 20 விழுக்காடு, தன் நிறுவனங்களில் பழகுநர் பயிற்சி முடித்தவர்களுக்கே ஒதுக்கப்படுகிறது. மூன்றாவது, முன்பே கற்ற திறனை மதிப்பிட்டுத் துறைசார் திறன் கவுன்சில்கள் வழங்கும் 'சி.என்.சி. ஆபரேட்டர்' சான்றிதழ். தனியார் ஆலையில் இது பயன்படலாம். முதலிரண்டிற்கும் இது ஈடாகாது.

சட்டத்திலேயே இன்னொரு பிளவும் உண்டு. 'நியமிக்கப்பட்ட தொழில்' என்பது அரசு அறிவிப்பது. மெஷினிஸ்டும் டர்னரும் அதில் அடங்கும். 2014-ஆம் ஆண்டுத் திருத்தம் புகுத்திய 'விருப்பத் தொழில்' என்பதை முதலாளியே தீர்மானிக்கலாம். பட்டியல் சாதியினருக்கும் பழங்குடியினருக்கும் பழகுநர் இடங்களை ஒதுக்கச் சொல்லும் 3-ஏ பிரிவு, நியமிக்கப்பட்ட தொழில்களை மட்டுமே பெயர் சொல்லிக் குறிப்பிடுகிறது. ஆகவே, டர்னராகச் சேர்க்க வேண்டிய இளைஞரை விருப்பத் தொழிலான ஆபரேட்டராகச் சேர்க்கும் ஆலையில் இடஒதுக்கீடு ஓசையின்றி வெளியேறிவிடுகிறது. ஒப்பந்தத்தில் எந்தத் தொழிலின் பெயர் எழுதப்பட்டுள்ளது என்பதைக் கையெழுத்திடும் முன் பார்ப்பது இதனாலேயே அவசியமாகிறது.

எட்டுப் பேர் வேலை செய்யும் பட்டறை ஒன்றை எடுத்துக்கொள்வோம். முப்பது பேரோ அதற்கு மேலோ உள்ள நிறுவனமே பழகுநர்களைக் கட்டாயமாகச் சேர்க்க வேண்டும். நான்கு முதல் இருபத்தொன்பது பேர் வரை உள்ள இடத்தில் அது முதலாளியின் விருப்பம். பத்துப் பேருக்குக் குறைவு என்பதால் ஈ.எஸ்.ஐ. இல்லை, இருபதுக்குக் குறைவு என்பதால் வருங்கால வைப்பு நிதியும் இல்லை. அங்கு ஐந்தாண்டு உழைத்த இளைஞருக்குத் தனித்தேர்வராக அகில இந்திய தொழிற்தேர்வு எழுதும் வழி உள்ளது. 21 வயதும், உரிய கல்வித் தகுதியும், அத்தொழிலில் மூன்றாண்டு அனுபவமும் வேண்டும். அந்த அனுபவத்துக்குச் சான்று தரக்கூடியவர் முதலாளி ஒருவரே. கூலிப் பாக்கி குறித்து நாளை அதுவே ஆவணமாகிவிடும் என்று அவர் அஞ்சினால், கடிதம் வராது.

கடிதம் கிடைத்தாலும் தேர்வு வேறொன்றைச் சோதிக்கிறது. வரைபடம் 25 மி.மீ. விட்டம் கேட்கிறது, கூடவோ குறையவோ 0.02 மி.மீ. வரை பொறுக்கலாம் என்று கொள்வோம். மைக்ரோமீட்டர் 25.06 காட்டுகிறது. வெட்டுமுனை தேய்ந்துள்ளது என உணர்ந்து, திரையில் அக்கருவியின் தேய்மான ஆஃப்செட்டை எக்ஸ் அச்சில் 0.06 குறைத்து, அடுத்த பாகத்தை மீண்டும் அளப்பவரே இயந்திரத்தை அறிந்தவர். பாகத்தை மாட்டுவது, பொத்தானை அழுத்துவது, உலோகச் சீவலை அள்ளுவது ஆகியவற்றோடு நிறுத்தப்பட்டவர், ஐந்தாண்டுக்குப் பின்னும் தேர்வில் தடுமாறுவார். ஆஃப்செட் பக்கத்தைத் தொட யாருக்கு அனுமதி, சீவல் அள்ளுவது யார் வேலை என்று ஒவ்வொரு பட்டறையிலும் கேட்டால், சாதி எங்கே நிற்கிறது என்பதும் தெரியவரும்.

சட்டம் நமக்கு ஒரு பிடியையும் தருகிறது. பழகுநர் தொழிலாளர் அல்லர் என்று 18-ஆம் பிரிவு கூறுகிறது; ஆனால் அது இச்சட்டத்தின் கீழ் பயிற்சி பெறுவோரைப் பற்றியது. ஒப்பந்தமே இல்லாதவரிடம் 'நீ பழகுபவன்தானே' என்று சொல்லித் தொழிலாளர் உரிமைகளை இப்பிரிவின் பெயரால் மறுக்க முடியாது. ஒன்று ஒப்பந்தம் பதிவாக வேண்டும். இல்லையேல் தொழிலாளிக்குரிய கூலி தரப்பட வேண்டும்.

எனவே நாம் கேட்பவை மூன்று. விருப்பத் தொழில்களுக்கும் 3-ஏ விரிய வேண்டும். சிறு பட்டறைத் தொழிலாளரின் அனுபவத்தை, முதலாளியின் கடிதமின்றி, வங்கிவழிக் கூலிப் பதிவையும் நேரடிச் செய்முறைச் சோதனையையும் கொண்டு தொழிற்பயிற்சித் துறை ஏற்க வேண்டும். தேர்வுக்கு முன் ஆஃப்செட்டும் நிரலும் பழக, அரசு ஐ.டி.ஐ.களின் இயந்திரங்கள் மாலை வேளைகளில் அவர்களுக்குத் திறக்கப்பட வேண்டும்.