போன ஜூஸ் போகட்டும் என்பவர்களுக்கு

ஜூஸ் பாட்டிலிங் தொழிலில் இருப்பவர்கள் அடிக்கடி சொல்கிற வாதம் ஒன்று உண்டு. "மொத்தச் செலவு இவ்வளவு, கைக்கு வந்த நல்ல சரக்கு இவ்வளவு. அதை இதால் வகுத்தால் அடக்க விலை. வழியில் போனது எப்படிப் போனால் என்ன? இயல்பான நட்டம், அசாதாரண நட்டம் என்று பிரிப்பதெல்லாம் பரீட்சைக்குப் படிப்பவர்களுக்கு." கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. கணக்கைப் போட்டுப் பார்த்தால்தான் ஓட்டை தெரியும்.

கிருஷ்ணகிரிப் பக்கம் கூழ் வாங்கி, 200 மில்லி பாட்டிலில் மாம்பழ ஜூஸ் நிரப்பும் ஆலை ஒன்றை எடுத்துக்கொள்வோம். தொகைகள் விளக்கத்துக்காக நான் வைத்தவை. கலவைத் தொட்டியிலிருந்து நிரப்பும் பிரிவுக்கு 10,000 லிட்டர் ஜூஸ் வருகிறது. அதுவரை ஆன செலவு 3,20,000 ரூபாய். இந்தப் பிரிவின் கூலி, நீராவி, மின்சாரம் எல்லாம் சேர்த்து 64,000. காலி பாட்டிலின் விலையைத் தனியாக வைத்துவிடுவோம். மொத்தம் 3,84,000.

10,000 லிட்டர் வந்தால் 10,000 லிட்டரும் பாட்டிலுக்குள் போகாது. ஷிப்ட் தொடங்கும்போதும் முடியும்போதும் குழாயில் தங்குவது 150 லிட்டர். மாம்பழம் முடிந்து கொய்யாவுக்கு மாறும்போது கழுவிவிடுவது 130. மூடி சரியாக உட்காராமல் ஒதுக்குவது 40. ஆய்வகத்துக்கு மாதிரி 30. அளவு குறைந்துவிடாமல் இருக்க பாட்டிலுக்கு ஒரு மில்லி கூடுதலாக விடுவதில் 50. ஆக 400 லிட்டர், அதாவது 4 சதவீதம். எவ்வளவு கவனமாக ஓட்டினாலும் இது போகும். இதுதான் இயல்பான நட்டம். கழுவிய ஜூஸை யாரும் காசு கொடுத்து வாங்கப் போவதில்லை என்பதால் இதற்கு விற்பனை மதிப்பும் கிடையாது. ஆகவே 3,84,000 ரூபாயை 9,600 லிட்டர்தான் சுமக்க வேண்டும். லிட்டர் 40 ரூபாய்.

அன்றைக்கு வந்ததோ 9,300 லிட்டர். கூடுதலாகப் போன 300 லிட்டர் அசாதாரண நட்டம். லிட்டர் 40 என்ற அதே விலையில் 12,000 ரூபாயைச் செயல்முறைக் கணக்கிலிருந்து எடுத்து லாப நட்டக் கணக்குக்குக் கொண்டுபோக வேண்டும். நல்ல சரக்கு 40 ரூபாயிலேயே நிற்கும். நம் வாதக்காரர் செய்வதுபோல் 9,300 ஆல் வகுத்தால் லிட்டர் 41.29 ஆகிவிடும்.

"எப்படி எழுதினாலும் கடைசியில் லாபம் ஒன்றுதானே?" என்பார்கள். சரக்கு முழுவதும் விற்றுத் தீர்ந்தால் ஒன்றுதான். மார்ச் 31 அன்று அதில் 5,000 லிட்டர் கிடங்கில் இருந்தால்? சரியான கணக்கில் அதன் மதிப்பு 2,00,000. அவர்கள் கணக்கில் 2,06,450 சொச்சம். கால்வாயில் ஓடிப்போன ஜூஸில் ஆறாயிரத்துச் சொச்சம் ரூபாய் கிடங்கில் சொத்தாக உட்கார்ந்திருக்கிறது, இந்த ஆண்டு லாபம் அந்த அளவு ஊதிக் காட்டப்படுகிறது. வழக்கத்துக்கு மாறாக வீணானதைச் சரக்கின் மதிப்பில் சேர்க்கக் கூடாது என்று இந்தியக் கணக்கியல் தரம் 2 வெளிப்படையாகவே சொல்கிறது.

இதைவிட வலுவாகத் தோன்றும் வாதம் வேறு: "எங்கள் ஆலையில் மாதாமாதம் 7 சதவீதம் போகிறது. மாதாமாதம் நடப்பது இயல்புதானே?" என் பார்வையில் பெரும்பாலான ஆலைகள் தடுக்கி விழுவது இங்கேதான். 7 சதவீதத்தை இயல்பு என்று வைத்தால் எதிர்பார்க்கும் அளவே 9,300 ஆகிவிடும். அசாதாரண நட்டம் பூஜ்யம், அடக்க விலை 41.29. பிரித்துப் பார்க்கிறேன் பேர்வழி என்று பிரிக்காதவரின் விடைக்கே வந்து சேர்கிறோம். போன ஆண்டுச் சராசரியில் மின்தடை நாளும் இருக்கிறது, மூடி போடும் இயந்திரம் பழுதான நாளும் இருக்கிறது. அந்தச் சராசரியை இயல்பாக வைப்பவர் பழுதுக்கும் இடம் ஒதுக்கிவிடுகிறார். இயல்பின் அளவு குழாயின் கொள்ளளவிலிருந்தும் சுவை மாற்றும் எண்ணிக்கையிலிருந்தும் வரவேண்டும், மேலே 400 லிட்டரைக் கூட்டியதுபோல. ஒரு நாளில் ஒரே சுவை ஓடினால் அந்த 130 லிட்டர் கழிந்து இயல்பே குறைந்துவிடும்.

அந்த 300 லிட்டர் எங்கே போனது? தரையில் தேடினால் முழுதும் கிடைக்காது. 9,300 லிட்டர் என்பது 46,500 பாட்டிலை 200 மில்லியால் பெருக்கி வந்த எண். யாரும் லிட்டரை அளக்கவில்லை. லைனிலிருந்து சில பாட்டில்களை எடுத்து, காலி எடையைக் கழித்து நிறுத்துப் பாருங்கள். இந்த ஜூஸ் தண்ணீரைவிடக் கனம்; லிட்டர் சுமார் 1.05 கிலோ. 200 மில்லிக்கு 210 கிராம் இருக்க வேண்டிய இடத்தில் சராசரியாக 216.3 காட்டினால் பாட்டிலில் 206 மில்லி இருக்கிறது. அனுமதித்த ஒரு மில்லி போக 5 மில்லி கூடுதல். 46,500 பாட்டிலுக்கு 232 லிட்டர். 300 லிட்டரில் முக்கால் பங்குக்கு மேல் வாடிக்கையாளருக்கு இனாமாகப் போயிருக்கிறது. சூடாக நிரப்பிய ஜூஸ் ஆறும்போது சுருங்கி மட்டம் இறங்கும். எடையளவுச் சோதனையில் மாட்டிக்கொள்வோமோ என்ற பயத்தில் ஆபரேட்டர் ஒரு திருகு கூட்டி வைத்திருப்பார். மட்டத்தைக் கண்ணால் பார்த்து இதைப் பிடிக்க முடியாது, தராசுதான் காட்டும். செலவை மொத்தமாக வகுத்துப் போட்டிருந்தால் அந்தத் தராசுப் பக்கம் போக யாருக்கும் காரணமே இருந்திருக்காது.

"சரி, போனது ஜூஸ்தானே, 32 ரூபாய் போடாமல் 40 ஏன்?" என்ற கேள்வியில் கொஞ்சம் நியாயம் உண்டு. நிரப்பும் கட்டம் வரை வந்த ஜூஸ் நல்ல பாட்டிலைப் போலவே நீராவியையும் கூலியையும் தின்றுவிட்டது, இயல்பான நட்டத்தின் பங்கையும் சுமக்கிறது. அதற்கு 40தான். அந்த 300 லிட்டர் பாஸ்ச்சரைசருக்குள் போகும் முன்பே கொட்டியிருந்தால் அதன்மேல் கூலியும் நீராவியும் ஏற்றக் கூடாது. அப்போது 3,20,000 ரூபாயை 9,600 ஆல் வகுத்து, லிட்டர் 33.33 என்று 10,000 ரூபாயைத்தான் எடுக்க வேண்டும். எந்தக் கட்டத்தில் போனது என்பதை ஷிப்ட் பதிவேட்டில் எழுதாத ஆலையில் இந்தக் கேள்விக்கு விடையே இருக்காது.

அசாதாரணம் என்று எழுதினால் வரித்துறை பிடிக்கும் என்ற பயமும் இருக்கிறது. ஜிஎஸ்டி சட்டத்தின் 17(5)(h) பிரிவு தொலைந்த, அழிந்த பொருளுக்கு உள்ளீட்டு வரி வரவைத் தடுப்பது உண்மை. ஆனால் 2021-இல் சென்னை உயர் நீதிமன்றம், எஃகு உருக்கும்போது ஏற்பட்ட நட்டம் பற்றிய வழக்கில், உற்பத்தி முறையிலேயே பிரிக்க முடியாமல் உள்ள நட்டம் இந்தத் தடைக்குள் வராது என்றது. இயல்பான 400 லிட்டரைக் காப்பாற்ற வேண்டியவர், அது குழாயிலும் கழுவலிலும் போனது என்று காட்டியாக வேண்டும். 700 லிட்டரையும் ஒரே மூட்டையாகக் கட்டியவரிடம் காட்ட என்ன இருக்கும்?

நட்டம் குறைந்த நாளைப் பற்றி இவர்கள் பேசுவதே இல்லை. ஒரு நாள் 9,680 லிட்டர் வந்தால் 80 லிட்டர், 3,200 ரூபாய், அசாதாரண ஆதாயம். பாராட்டும் முன் ஜூஸின் பிரிக்ஸ் அளவைப் பார்க்க வேண்டும். அது இறங்கியிருந்தால், குழாயில் மிஞ்சிய ஜூஸைத் தள்ள விட்ட தண்ணீர் பாட்டிலுக்குள் போயிருக்கிறது. பிரிக்ஸ் சரியாக இருந்தால் மறுபடியும் தராசு. பாட்டில் 200 மில்லிக்குக் கீழே நிரம்பியிருந்தால், அந்த 3,200 ரூபாய் வாடிக்கையாளரின் பணம்.