குழந்தைக்கு மூச்சு அடைச்சா பைக் சாவியைத் தேடாதீங்க

1/ கொஞ்சம் கோபமாத்தான் எழுதுறேன். கோபம் உங்க மேல இல்ல. பெரும்பகுதி எங்க மேல, அதாவது டாக்டர்கள் மேல. கடைசியில ஏன்னு சொல்றேன். வீட்ல ஒரு வயசுக்குக் கீழ குழந்தை இருந்தா முழுசா படிச்சிட்டுப் போங்க.

2/ சாயங்காலம் ஏழு மணி இருக்கும். கேஷுவாலிட்டி டியூட்டி. பைக்ல அப்பா, பின்னாடி அம்மா, நடுவுல பத்து மாசக் குழந்தை. எட்டு கிலோமீட்டர் தள்ளி ஒரு கிராமத்துல இருந்து வந்திருந்தாங்க. கையில வாங்கும்போதே துவண்டு கிடந்துச்சு. உதடு நீலம். நாடித்துடிப்பு இல்ல. திராட்சை சாப்பிட்டுச்சு சார்னு மட்டும் அம்மா சொன்னாங்க.

3/ லாரிங்கோஸ்கோப் வச்சுப் பார்த்தா, குரல்வளை வாசல்லயே முழு திராட்சை. இடுக்கி போட்டு எடுக்க எனக்கு அரை நிமிஷம்கூட ஆகல. தொண்டை பூரா நகக் கீறல், ரத்தம். நாற்பது நிமிஷம் சிபிஆர் பண்ணோம். குழந்தை திரும்பல.

4/ அப்புறம் அந்தப் பாட்டி வந்தாங்க. "விரலை விட்டு எடுக்கப் பார்த்தேன் சாமி, தட்டுப்பட்டுச்சு, வழுக்கி உள்ள போயிருச்சு"ன்னு அழுதாங்க. விரல் விட்டாங்க. காலைப் பிடிச்சுத் தலைகீழா உலுக்கினாங்க. உச்சந்தலையில தட்டினாங்க. அப்புறம் பைக். மொத்தம் இருபது நிமிஷத்துக்கு மேல. மூளை ஆக்சிஜன் இல்லாம தாங்குறது நாலஞ்சு நிமிஷம்தான்.

5/ இதுல தப்பு பாட்டி மேலயா? இல்லவே இல்ல. தலைமுறை தலைமுறையா பார்த்ததைத்தான் அவங்க செஞ்சாங்க. ஆனா அந்த ஒவ்வொரு பழக்கமும் ஏன் தப்புன்னு வெளிப்படையா பேசியே ஆகணும். மரியாதைக்காக இதுல வாய மூடிட்டு இருக்க முடியாது.

6/ முதல்ல விரல். குழந்தையோட தொண்டை புனல் மாதிரி, கீழ போகப் போக குறுகும். கண்ணுக்குத் தெரியாத பொருளை விரலால துழாவினா, அது மேல வர்றதைவிட கீழ போய் ஆப்பு மாதிரி இறுகத்தான் வாய்ப்பு அதிகம். வாயைத் திறந்தா பொருள் கண்ணுக்குத் தெரியுதா? எடுங்க. தெரியலையா? விரல் உள்ள போகவே கூடாது. இதுல விதிவிலக்கு கிடையாது.

7/ அடுத்து உச்சந்தலையில தட்டுறது. புரை ஏறினா "யாரோ நினைக்கிறாங்க"ன்னு தலையில தட்டுவோம்ல, அது. அந்த நேரத்துல சரியானது தட்டினதால இல்ல, இருமினதால. தலையில தட்டினா மூச்சுக்குழாய்க்கு எந்த விசையும் போகாது. சோத்து உருண்டை, வாழைப்பழம், தண்ணி கொடுக்கறதும் அப்படித்தான். மீன் முள்ளுக்கே அது நல்ல யோசனை இல்ல. அடைச்சிருக்கிறது மூச்சுக்குழாய்னா, இன்னும் ஒண்ணை மேல போட்டு அடைக்கிறீங்க.

8/ காலைப் பிடிச்சுத் தலைகீழா தொங்கவிடுறதும் வேண்டாம். கை நழுவினா தலையில அடி. அப்படியே பிடிச்சாலும் முதுகுல சரியான இடத்துல அடி விழாது. தலை கீழ இருக்கணும்கறது சரி. அதைப் பாதுகாப்பா செய்ய வழி இருக்கு.

9/ அதுக்கு முன்னாடி ஒரு கேள்வி. குழந்தை சத்தமா இருமுதா, அழுதா? அப்ப காத்து போயிட்டு வருதுன்னு அர்த்தம். முதுகுல அடிக்காதீங்க, நிமிர்த்திப் பிடிச்சு இரும விடுங்க, கண்ணை எடுக்காம பாருங்க. அந்த இருமல் உங்க கையைவிட பலமானது. சத்தம் நின்னு போச்சா, அழ வாயைத் திறக்குது ஆனா சத்தம் வரலையா, மூச்சை இழுக்கும்போது கீச்சுன்னு மட்டும் கேக்குதா, முகம் நீலமாகுதா? அதுதான் முழு அடைப்பு. சினிமா மாதிரி பெரிய கூச்சல் இருக்காது. அமைதியா நடக்கும். அதனாலதான் பக்கத்துல இருக்கறவங்களே கவனிக்காம விடுறாங்க.

10/ முழு அடைப்புனா, பக்கத்துல யார் இருந்தாலும் "108க்கு போன் போடு"ன்னு கத்துங்க. நீங்க குழந்தையை விட்டு நகராதீங்க. தனியா இருந்தா போனை ஸ்பீக்கர்ல போட்டுத் தரையில வச்சிட்டு வேலையை ஆரம்பிங்க. போன் எங்கேன்னு தேட வேண்டியிருந்தா, தேடாதீங்க. முதல்ல கை வேலை.

11/ ஒரு வயசுக்குக் கீழ இருக்கிற குழந்தைக்கு: உக்காருங்க. குழந்தையை உங்க முன்கை மேல குப்புறப் படுக்க வச்சு, அந்தக் கையைத் தொடை மேல தாங்கிக்கோங்க. தலை நெஞ்சைவிடத் தாழ இருக்கணும். விரல்களால தாடை எலும்பைப் பிடிங்க, கீழ இருக்கிற மெத்துன்னு இருக்கிற தொண்டையை அழுத்தக் கூடாது. இன்னொரு உள்ளங்கையோட அடிப்பகுதியால, ரெண்டு தோள்பட்டை எலும்புக்கும் நடுவுல 5 அடி. தட்டிக் கொடுக்கறது இல்ல, அடி. ஒவ்வொண்ணும் தனித்தனியா, அந்த ஒரே அடியில வெளிய வரணும்ங்கற எண்ணத்தோட.

12/ வரலையா? குழந்தையை ரெண்டு முன்கைக்கும் நடுவுல வச்சு, தலையையும் கழுத்தையும் தாங்கி, மல்லாக்கத் திருப்புங்க. இப்பவும் தலை தாழத்தான். நெஞ்சு எலும்போட கீழ்ப்பாதியில, ரெண்டு மார்க்காம்புக்கும் நடுவுல போற கோட்டுக்குச் சற்றுக் கீழ, ஒரு உள்ளங்கையோட அடிப்பகுதியை வச்சு 5 தடவை அழுத்துங்க. நொடிக்கு ஒண்ணு. நெஞ்சோட ஆழத்துல மூணுல ஒரு பங்கு உள்ள போகணும். நாங்க படிக்கிறப்ப ரெண்டு விரல்னு சொல்லிக் கொடுத்தாங்க, பழைய வீடியோ எல்லாத்துலயும் அதுதான் இருக்கும். 2025ல அமெரிக்க இதய சங்கத்தோட வழிகாட்டி உள்ளங்கை அடிப்பகுதின்னு மாத்திருச்சு. ரெண்டு விரல் மட்டும்தான் தெரியும்னா அதையே செய்யுங்க. சும்மா நிக்கறதுக்கு அது ஆயிரம் மடங்கு மேல்.

13/ 5 முதுகு, 5 நெஞ்சு. வாயைப் பாருங்க. தெரிஞ்சா எடுங்க, தெரியலைன்னா மறுபடியும் 5, 5. பொருள் வெளிய வர்ற வரைக்கும், இல்ல குழந்தை அழற வரைக்கும், இல்ல துவண்டு போற வரைக்கும். இந்தக் குழந்தைகளுக்கு வயித்தை அழுத்தாதீங்க. கல்லீரல் பெருசா, விலா எலும்புக்குக் கீழ நீட்டிட்டு இருக்கும், கிழிஞ்சிடும்.

14/ துவண்டு போச்சுன்னா கட்டாந்தரையில படுக்க வைங்க. 108க்கு இன்னும் சொல்லலைன்னா இப்பவே ஸ்பீக்கர்ல போடுங்க. நெஞ்சை அதே இடத்துல வேகமா 30 தடவை அழுத்துங்க. தலையை லேசா பின்னால சாய்ச்சு வாயைப் பாருங்க, பொருள் தெரிஞ்சா மட்டும் எடுங்க. குழந்தையோட வாயையும் மூக்கையும் சேர்த்து உங்க வாயால மூடி, ரெண்டு சின்ன ஊதல். மறுபடி 30. ஆம்புலன்ஸ் வர்ற வரைக்கும் நிறுத்தாதீங்க. துவண்டதும் "போயிருச்சு"ன்னு கத்தி அழுதுட்டுக் கிளம்பிடுறாங்க. அந்த நேரத்துல உங்க கை நின்னா எல்லாமே நின்னுடும்.

15/ ஒரு வயசுக்கு மேல இருந்தா: நீங்க முட்டி போட்டு, குழந்தையை முன்னால குனிய வச்சு முதுகுல 5 அடி. வரலைன்னா பின்னாடி இருந்து கட்டிப் பிடிச்சு, தொப்புளுக்கு மேல, நெஞ்சு எலும்புக்குக் கீழ முஷ்டியை வச்சு, உள்ளயும் மேலயுமா 5 இழுப்பு. இதையும் மாத்தி மாத்தித்தான்.

16/ "இவ்வளவு பலமா அடிச்சா எலும்பு உடையாதா டாக்டர்?"னு கேப்பாங்க. நியாயமான பயம். முதுகுல கன்றிப் போகலாம். அதுக்கு என்கிட்ட மருந்து இருக்கு. இருபது நிமிஷம் காத்து போகாத மூளைக்கு என்கிட்ட ஒண்ணும் இல்ல. "ஆஸ்பத்திரி பக்கம்தானே"ன்னும் சொல்வாங்க. பைக் ஓட்டுறவர் கையும் சும்மா இல்ல, பின்னாடி இருக்கிறவங்க கையும் சும்மா இல்ல. அந்த நிமிஷங்கள்ல குழந்தைக்கு யாருமே எதுவுமே செய்யல. கேஷுவாலிட்டிக்கு எதிர்வீடா இருந்தாலும் முதல் 5 அடி வீட்லதான்.

17/ வெளிய வந்துருச்சா? அப்பவும் காட்டிட்டுப் போங்க, முக்கியமா நெஞ்சையோ வயித்தையோ அழுத்தியிருந்தா. வேர்க்கடலை சாப்பிடும்போது புரை ஏறி, நல்லா இருமி, சரியாயிருச்சுன்னு விட்ட குழந்தை ரெண்டு வாரம் கழிச்சு "சளி குறையல"ன்னு வரும். ஒரு பக்க நுரையீரல்ல மட்டும் விசில் சத்தம். பாதிக் கடலை உள்ளயே உக்காந்திருக்கும். எக்ஸ்ரேல கடலை தெரியாது, படம் நார்மலாக்கூட இருக்கும். டாக்டர்கிட்ட "சாப்பிடும்போது திடீர்னு இருமல் ஆரம்பிச்சது"ன்னு நீங்க சொல்ற அந்த ஒரு வரிதான் எங்களுக்கு டெஸ்ட். அதை மறக்காம சொல்லுங்க.

18/ இப்ப என் கோபத்துக்கு வரேன். அந்தக் குழந்தை பிறந்து பத்து மாசத்துல எத்தனை தடவை எங்ககிட்ட வந்திருக்கும்? ஆறாவது வாரம், பத்தாவது வாரம், பதினாலாவது வாரம், ஒன்பதாம் மாசம் எம்.ஆர் ஊசி. எடை பார்த்தோம், ஊசி போட்டோம், அட்டையில எழுதினோம். "ஆறு மாசத்துல இருந்து இணை உணவு கொடுங்க"ன்னு சொல்லி அனுப்பினோம். அந்த உணவு தொண்டையில மாட்டினா என்ன பண்ணணும்னு ஒரு வார்த்தை சொல்லல. திராட்சையை நீளவாக்குல நாலா வெட்டணும்னு சொல்லல. பொட்டுக்கடலையும் வேர்க்கடலையும் நாலஞ்சு வயசு வரைக்கும் முழுசா கொடுக்கக் கூடாதுன்னு சொல்லல. நானும் சொன்னதில்ல. அந்த ராத்திரிக்கு முன்னாடி வரைக்கும்.

19/ "கூட்டம் அதிகம், நேரம் எங்க இருக்கு"ன்னு என் நண்பர்கள் சொல்வாங்க. உண்மைதான், நானும் அதே ஓபியிலதான் உக்காந்திருக்கேன். ஆனா ஊசி போட்டதும் அரை மணி நேரம் உக்காந்துட்டுப் போங்கன்னு நாமதானே சொல்றோம்? அந்த அரை மணி நேரத்துல முப்பது அம்மாக்கள் ஒரே இடத்துல சும்மா உக்காந்திருக்காங்க. ஒரு பொம்மை போதும். அஞ்சு நிமிஷம் போதும். இதுக்கு அரசாணை எதுக்கு?

20/ அதனால பெற்றோர்களே, அடுத்த புதன்கிழமை தடுப்பூசிக்குப் போகும்போது, பாட்டியையும் கூட்டிட்டுப் போங்க. குழந்தையைப் பார்த்துக்கறது பெரும்பாலும் அவங்கதான். நர்ஸ்கிட்டயோ டாக்டர்கிட்டயோ "மூச்சு அடைச்சா என்ன பண்ணணும், பொம்மையில செஞ்சு காட்டுங்க"ன்னு கேளுங்க. நீங்களும் பொம்மையிலயே செஞ்சு பாருங்க, குழந்தை மேல பழகாதீங்க. நேரமில்லைன்னு சொன்னா விடாதீங்க, மறுபடி கேளுங்க. அது உங்க உரிமை. எங்க வேலை.