எதில் இருபத்தைந்து?

சிறு உற்பத்தியாளர்கள் விலையைக் குறைத்து வைத்து நட்டப்படுவதைப் பற்றிப் பேசும் கருத்தரங்குகளில் ஒரு வாக்கியம் தவறாமல் ஒலிக்கிறது: "அவர்களுக்குக் கணக்குத் தெரியாது." இதைவிட வசதியான பொய் ஒன்று இருக்க முடியாது. அவர்களுக்குக் கணக்குத் தெரியும். பள்ளிக்கூடம் எந்தக் கணக்கைக் கற்றுக்கொடுத்ததோ, அதைப் பிழையின்றிப் போடுகிறார்கள். நட்டம் வருவதே அதனால்தான்.

இந்நாட்டில் எட்டாம் வகுப்பைத் தாண்டிய எவரும் அறிந்த விதி, இலாப சதவீதம் அடக்கவிலையின்மீது கணக்கிடப்படும் என்பது. என்.சி.இ.ஆர்.டி. பாடநூல்களும் மாநிலப் பாடநூல்களும் தலைமுறை தலைமுறையாக இதைத்தான் கற்பித்தன. போட்டித் தேர்வு வழிகாட்டிகள் இன்றும் இதையே வேதமாக ஓதுகின்றன. பன்னிரண்டாம் வகுப்பில் வணிகவியல் எடுப்பவர்களுக்கு மட்டும் கணக்குப்பதிவியல் நூலில் வேறொரு செய்தி காத்திருக்கிறது: மொத்த இலாப விகிதம் என்பது மொத்த இலாபத்தை விற்பனை வருவாயால் வகுத்துப் பெறுவது. மேலே இருக்கும் எண் அதேதான். கீழே இருக்கும் எண் மாறிவிட்டது. முன்னதை வணிக உலகம் மார்க்அப் என்கிறது, பின்னதை மார்ஜின் என்கிறது. தமிழில் இரண்டையும் 'இலாப சதவீதம்' என்ற ஒரே தொடருக்குள் அடைத்துவிட்டோம். இந்தியிலும் 'முனாஃபா' இரண்டுக்கும் பொதுவாகவே புழங்குகிறது. வணிகவியல் பக்கம் போகாதவர்களுக்கு அடியெண் மாறிய செய்தி வந்து சேருவதேயில்லை.

இது வெறும் சொற்சண்டை அல்ல என்பதைக் காண, ஜெய்ப்பூரை அடுத்த பக்ருவில் ஓர் அச்சுப்பட்டறையைக் கற்பனை செய்துகொள்ளலாம். மரக்கட்டையால் துணியில் அச்சிடும் சீப்பா சமூகத்தாரின் ஊர் அது; சேற்றுக்கலவையால் சாயம் ஏறாதபடி தடுக்கும் தாபு முறைக்குப் பெயர்பெற்றது. கணக்கு எளிதாக இருக்கட்டும் என்று எண்களை முழு எண்களாக வைத்து, வரியையும் ஒதுக்கி வைப்போம். ஒரு படுக்கை விரிப்புக்குத் துணி 380 ரூபாய், சாயமும் அச்சுக்கூலியும் 270, அலசுதல், உலர்த்துதல், ஓரம் தைத்தல் 110, பொதிதல் 40. அடக்கம் 800. பட்டறையை நடத்தும் பெண் இருபத்தைந்து சதவீதம் ஏற்றி 1,000 ரூபாய்க்கு விற்கிறார். ஆண்டுக்கு ஆயிரம் விரிப்புகள் போகின்றன. விற்றுமுதல் பத்து இலட்சம்.

அவருடைய கணக்கரும் நேர்மையானவரே. வாடகை, மின்சாரம், கடன் வட்டி, போக்குவரத்து எல்லாவற்றையும் கூட்டி, "மேற்செலவு இருபத்திரண்டு சதவீதம் ஆகிறது" என்கிறார். வருமான அறிக்கையில் எல்லாச் செலவினங்களும் விற்பனையின் பங்காகவே காட்டப்படும் என்பதால், அந்த இருபத்திரண்டும் விற்பனைமீதான இருபத்திரண்டு. பட்டறைக்காரப் பெண் இருபத்தைந்திலிருந்து இருபத்திரண்டைக் கழித்து, மூன்று சதவீதம் மிஞ்சுகிறது என்று எடுத்துக்கொள்கிறார். பத்து இலட்சத்துக்கு முப்பதாயிரம். நியாயமான எதிர்பார்ப்புதான்.

உண்மையில் நடப்பது வேறு. பத்து இலட்ச விற்பனையில் அடக்கம் எட்டு இலட்சம். மிச்சம் இரண்டு இலட்சம், அதாவது விற்பனையில் இருபது சதவீதம். மேற்செலவு இரண்டு இலட்சத்து இருபதாயிரம். முப்பதாயிரம் இலாபம் வரவேண்டிய இடத்தில் இருபதாயிரம் நட்டம் வந்திருக்கிறது. இரண்டு சதவீதங்களையும் தனித்தனியாகச் சோதித்தால் பிழை எதுவும் அகப்படாது. வெவ்வேறு அடியெண் கொண்ட இரண்டு எண்களை ஒன்றிலிருந்து ஒன்று கழித்ததில்தான் பிழை நிகழ்ந்திருக்கிறது. கழித்தலின் விடை தாளில் ஒழுங்காக இருப்பதால் எவருக்கும் ஐயம் எழுவதில்லை. அவரும் மகளும் கூலி எடுக்காமல் உழைப்பதால் அந்த இருபதாயிரம் நட்டம் வீட்டுச் செலவுக்குள் கரைந்துவிடுகிறது. கடை மூடப்படுவதில்லை, ஆய்வாளரின் கண்ணிலும் படுவதில்லை.

பழைய வணிகர்களை இந்தக் குழப்பம் ஏன் இவ்வளவு வாட்டவில்லை என்று கேட்கலாம். சதவீதம் சிறியதாக இருக்கும்வரை இரண்டும் ஏறத்தாழ ஒன்றுதான். பத்து சதவீதம் ஏற்றிய மளிகைக்காரருக்கு விற்பனையில் 9.09 சதவீதம் நிற்கும். ஒரு சதவீதத்துக்கும் குறைவான இடைவெளி. ஏற்றம் கூடக்கூட இடைவெளி அகலும். ஐம்பது ஏற்றினால் நிற்பது 33.33, நூறு ஏற்றினால் ஐம்பது. மளிகைக்கடையின் பழக்கத்தைக் கைவினைப் பொருளுக்குக் கொண்டுவந்தபோதுதான் அது கடிக்கத் தொடங்கியது. கைவினைச் சந்தையில் இடைத்தரகுப் பங்கு பெரிது. அந்தப் பங்கும் எப்போதும் விற்பனை விலையின்மீதே எடுக்கப்படுகிறது.

அதே பட்டறைக்கு நகரத்துக் கடை ஒன்று வழி திறப்பதாகக் கொள்வோம். பொருளை வைத்துவிட்டுப் போகலாம், விற்றால் முப்பது சதவீதம் கமிஷன். தனக்கு 1,000 ரூபாய் வந்துசேர வேண்டும் என்று எண்ணும் பெண், முப்பது சதவீதத்தை ஏற்றி 1,300 என்று சீட்டு ஒட்டுகிறார். கடை 1,300இல் முப்பது சதவீதமாக 390 ரூபாயை எடுத்துக்கொண்டு 910ஐத் தருகிறது. பண்டிகைக் காலத்தில் பத்து சதவீதத் தள்ளுபடி வருகிறது. அதுவும் சீட்டு விலையிலிருந்தே கழியும், சுமையும் பெரும்பாலும் பொருளுக்குரியவர்மீதே விழும். விலை 1,170 ஆகிறது, கமிஷன் 351, கைக்கு வருவது 819. எண்ணூறு ரூபாய் அடக்கத்துக்கு மேல் பத்தொன்பது ரூபாய் மட்டுமே எஞ்சுகிறது. இதற்குள் வாடகையும் வட்டியும் அடங்க வேண்டும்.

ஏற்றுவது கீழிருந்து நடக்கிறது, பிடிப்பது மேலிருந்து நடக்கிறது. ஆகவே விலையையும் மேலிருந்தே கண்டாக வேண்டும். முப்பது போனால் விலையில் எழுபது பங்கு நிற்கும். அந்த எழுபது பங்கு 1,000 ரூபாயாக இருக்க வேண்டுமென்றால் 1,000ஐ 0.70ஆல் வகுக்க வேண்டும். விடை 1,428.57, சீட்டில் 1,430. தள்ளுபடியும் உறுதியாக வருமென்றால் 0.90ஆலும் வகுக்க, ஏறக்குறைய 1,590. பெருக்கும் இடத்தில் வகுப்பது, அவ்வளவே வித்தியாசம். இதைச் சொல்லித்தர ஒரு மணி நேரம் போதும். ஆனாலும் பயிற்சி முகாம்களில் 'அடக்கம் கூட்டல் இலாப சதவீதம் சமம் விலை' என்ற ஒற்றை வரியே கரும்பலகையில் ஏறுகிறது. எழுதுபவர் பெரும்பாலும் முதுகலை படித்தவர்.

படித்தவர்களும் தடுமாறும் இடம் இது என்பதற்கு அரசிதழிலேயே சான்று உண்டு. 1995ஆம் ஆண்டின் மருந்து விலைக் கட்டுப்பாட்டு ஆணை, அட்டவணை மருந்துகளைச் சில்லறைக் கடைக்குச் சில்லறை விலையிலிருந்து பதினாறு சதவீதம் கழித்துத் தரவேண்டும் என்றது. அது உண்மையான மார்ஜின். 2013ஆம் ஆண்டின் ஆணையோ, கடைக்காரருக்கான விலையின்மீது பதினாறு சதவீதத்தைச் சேர்த்து உச்சவரம்பு விலையைக் கண்டது. சூத்திரத்தில் அந்தப் பதினாறுக்கு 'மார்ஜின்' என்றே பெயரிட்டது. கணித வழக்கில் அது மார்க்அப். எண் மாறவில்லை, பெயர் மாறவில்லை, அடியெண் மட்டும் இடம்பெயர்ந்தது. நூறு ரூபாய் விற்பனையில் பதினாறு ரூபாய் நின்ற இடத்தில் 13 ரூபாய் 79 காசு நிற்கலாயிற்று. நுகர்வோருக்கு அது நன்மையா என்பது தனி விவாதம். சட்டம் வரைவோரின் மேசையிலேயே இரண்டு கருத்துகளுக்கு ஒரு சொல் போதுமென்று இருந்தால், பக்ருவின் பட்டறையைக் குறைசொல்ல எவருக்கு என்ன தகுதி?

மறுப்பு ஒன்று வரும். விலையைச் சூத்திரம் தீர்மானிப்பதில்லை, சந்தை தீர்மானிக்கிறது. 1,430 என்று சீட்டு ஒட்டினால் விரிப்பு அலமாரியிலேயே மடிந்து கிடக்கும் என்பார்கள். பாதி உண்மைதான். பக்கத்துக் கடையில் இயந்திரத்தில் அச்சிட்ட விரிப்பு அறுநூறுக்குக் கிடைக்கையில் எந்தச் சூத்திரமும் வாங்குபவரைக் கட்டிப்போடாது. அடக்கமே தவறாக இருந்தால், தன் கூலியைச் சுழி என்று எழுதினால், வகுத்தல் சரியாக இருந்தும் பயனில்லை.

ஆனால் இந்த மறுப்பு ஒன்றை மறைக்கிறது. சந்தை விலை 1,300தான் என்று உறுதியானால், அப்போதும் கேட்க ஒரு கேள்வி மிச்சமிருக்கிறது: எவ்வளவு கமிஷன் வரை தாங்கலாம்? 1,300இல் 1,000 போக 300. அதை 1,300ஆல் வகுத்தால் 23 சதவீதம். முப்பது கேட்கும் கடையிடம் "இருபத்து மூன்றுக்கு மேல் முடியாது" என்று சொல்லவோ, அதே விரிப்பை வேறு கடைக்கு எடுத்துச்செல்லவோ, தள்ளுபடிச் சுமையில் பாதியைக் கடை ஏற்கட்டும் என்று ஒப்பந்தத்தில் எழுதவைக்கவோ அந்த எண் கையில் இருக்க வேண்டும். முப்பதை ஏற்றிவிட்டோம், ஆகவே கமிஷன் அடங்கிவிட்டது என்று நம்புபவருக்குப் பேரம் பேசும் எண்ணமே எழாது. கடைக்காரருக்கோ எந்த அடியெண்ணில் பேசுகிறோம் என்பது நன்றாகவே தெரியும். முப்பது எதன்மீது என்று ஒப்பந்தத்தில் தெளிவாக எழுதிவைப்பவரும் அவரே.

நிதியுதவித் திட்டங்களின் விண்ணப்பப் படிவங்களில் 'இலாப சதவீதம்' என்று ஒரு கட்டம் இருக்கிறது. அதில் பக்ருக்காரர் இருபத்தைந்து என்று எழுதுவார். வங்கி அதிகாரி அதை விற்பனையின் இருபத்தைந்தாகப் படித்து, பத்து இலட்சத்துக்கு இரண்டரை இலட்சம் வருமென்று தவணையை நிர்ணயிப்பார். வராத ஐம்பதாயிரத்துக்கும் சேர்த்துத் தவணை ஓடும். அந்தக் கட்டத்தில் 'விற்பனையில்' என்ற ஒரு சொல்லைச் சேர்க்க எந்த ஆய்வுக்குழுவும் தேவையில்லை.