கோப்புகளின் ஆயுளை யார் தீர்மானிப்பது?

இலங்கையின் தகவலுக்கான உரிமைச் சட்டம் (2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கம்) தகவலைக் கேட்டுப் பெறும் உரிமையைத் தந்தது என்பது பலருக்கும் தெரியும். அதே சட்டத்தின் 7 ஆம் பிரிவு, அரச அலுவலகங்கள் தமது பதிவேடுகளை எவ்வளவு காலம் வைத்திருக்க வேண்டும் என்று சொல்வதைப் பற்றி அதிகம் பேசப்படுவதில்லை. சட்டம் நடைமுறைக்கு வந்தபோது ஏற்கனவே இருந்த பதிவேடுகளை அன்றிலிருந்து குறைந்தது பத்து ஆண்டுகள் பேண வேண்டும். அதன் பின்னர் உருவாகும் பதிவேடுகளுக்குக் குறைந்தது பன்னிரண்டு ஆண்டுகள். சட்டம் நடைமுறைக்கு வந்தது 2017 பெப்ரவரி 3 ஆம் திகதி. ஆகவே போர்க்காலக் கோப்புகள் அனைத்துக்கும் அந்தப் பிரிவு அளித்த காவல் 2027 பெப்ரவரி 3 ஆம் திகதியோடு முடிகிறது.

மறுநாளே எல்லாம் எரிக்கப்படும் என்று நான் சொல்லவில்லை. 1973 ஆம் ஆண்டின் 48 ஆம் இலக்கத் தேசிய சுவடிகள் சட்டம் அப்போதும் இருக்கும். அதன்படி தேசிய சுவடிகள் திணைக்களத்தின் அனுமதியின்றி எந்த அலுவலகமும் தன் விருப்பப்படி பொதுப் பதிவேடுகளை அழிக்க முடியாது. ஆனால் அந்த அனுமதி ஒரு பட்டியலின் மீது கொடுக்கப்படுவது. பட்டியலைத் தயாரிப்பது அலுவலகம். என் கவலை அந்தப் பட்டியலைப் பற்றியது.

ரெக்கோர்ட் றூம் என்று எழுதுநர்கள் சொல்லும் பதிவேட்டு அறைகள் பலவற்றைப் பத்திரிகைப் பணியில் பார்த்திருக்கிறேன். அங்கே வந்து சேரும் கோப்புகளை மூன்று வகையாகப் பிரிக்கலாம். உரிமையையோ கொள்கை முடிவையோ தாங்கி நிற்பவை என்றென்றும் வைக்க வேண்டியவை. கணக்கு, கொள்முதல், விடுமுறை போன்றவை கணக்காய்வு முடிந்து சில ஆண்டுகளில் கழிக்கக்கூடியவை. அழைப்புக் கடிதம், நினைவூட்டல் போன்றவற்றுக்கு ஓரிரு ஆண்டுகள் போதும். முறையாகச் செய்தால், கோப்பை மூடும் நாளிலேயே விடயத்துக்குப் பொறுப்பான உத்தியோகத்தர் அதன் வகையையும் கழிக்க வேண்டிய ஆண்டையும் அட்டையில் எழுதிக் கையொப்பமிட வேண்டும். அந்தக் கோப்பின் வரலாறு தெரிந்தவர் அவர் ஒருவரே. அது எழுதப்படாமல் அறைக்குள் போன கோப்பின் வகையை, இருபது ஆண்டுகளுக்குப் பின் அதைத் திறந்தும் பார்க்காத ஒருவர் தலைப்பை மட்டும் வைத்து முடிவு செய்வார்.

இதன் விளைவை விளக்க ஒரு கற்பனை உதாரணத்தைச் சொல்கிறேன். விவரங்கள் வடக்கிலும் கிழக்கிலும் உள்ள பலருக்குப் பழக்கமானவை. 1982 இல் வன்னிக் குடியேற்றத் திட்டம் ஒன்றில், காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ் ஒருவர் அனுமதிப்பத்திரம் பெறுகிறார். 1990 இல் குடும்பம் இடம்பெயர்கிறது. வேறொரு பிரதேச செயலகப் பிரிவில் நிவாரண அட்டைக்கு உலருணவு வாங்கி வாழ்கிறது. தந்தை அங்கேயே இறக்கிறார். 2010 இல் மகன் திரும்பும்போது காணியில் வேறொருவர் இருக்கிறார். தந்தை காணியைக் கைவிட்டுப் போனார், நிபந்தனைப்படி அங்கே வாழவும் இல்லை, பயிர் செய்யவும் இல்லை என்பது அவருடைய வாதம்.

மகனுக்கு மூன்று சான்றுகள் வேண்டும். முதலாவது, அனுமதிப்பத்திரம் வழங்கப்பட்டதைக் காட்டும் பேரேடு. அது நிரந்தர வகை என்பதில் யாருக்கும் ஐயமில்லை. இரண்டாவது, காணிக் கச்சேரியில் தந்தை தெரிவானதையும், காணியின் எல்லைகளையும், பின்னுரித்து பற்றி அவர் எழுதிய கடிதங்களையும் கொண்ட கோப்பு. மூன்றாவது, குடும்பம் தானாகப் போகவில்லை, போரால் பெயர்க்கப்பட்டது என்பதைக் காட்டும் நிவாரண இடாப்பு.

இரண்டாவது சான்று தொலைவது பெரும்பாலும் தலைப்பினால். கடிதம் வந்த நாளில் உரிய கோப்பு கைக்கு எட்டாவிட்டால் எழுதுநர் அதைக் “காணி – பல்வகை” என்ற கோப்பில் செருகிவிடுவார். பல்வகைக் கோப்பு என்றாலே அற்ப விடயம் என்பது பதிவேட்டு அறையின் எண்ணம். ஆகவே நிரந்தரமாக இருக்க வேண்டிய தாள், ஓரிரு ஆண்டுக் கோப்பின் வயிற்றுக்குள் இருந்தபடியே கழிவுப் பட்டியலுக்குப் போகிறது.

மூன்றாவது சான்று தொலைவதற்கு யாருடைய கவனக்குறைவும் தேவையில்லை. நிவாரண இடாப்பு அலுவலகத்தின் பார்வையில் ஒரு செலவுச் சான்று. இத்தனை குடும்பங்களுக்கு இத்தனை கிலோ அரிசி கொடுக்கப்பட்டது என்று கணக்காய்வாளருக்குக் காட்டுவதற்காக எழுதப்பட்டது. கணக்காய்வு முடிந்ததும் அதன் வேலையும் முடிந்தது. விதிப்படி அதைக் கழித்த உத்தியோகத்தரை யாரும் குறை சொல்ல முடியாது. ஆனால் அந்தக் குடும்பம் 1990 முதல் எங்கே இருந்தது என்பதற்கு நாட்டில் இருந்த ஒரே அரச சாட்சியம் அதுவாக இருக்கலாம்.

பேணுகாலம் வகுப்பவர்கள் அலுவலகத்துக்கு அந்தத் தாள் எவ்வளவு காலம் தேவை என்று மட்டுமே கேட்கிறார்கள். குடிமகனுக்கு அது எப்போது தேவைப்படும் என்று கேட்பதில்லை. போர் நடந்த நாட்டில் இந்த இரண்டுக்கும் இடையே ஒரு தலைமுறை இடைவெளி இருக்கிறது. இதை அரசே ஒரு வகையில் ஒப்புக்கொண்டது. 2016 ஆம் ஆண்டின் 5 ஆம் இலக்கச் சட்டம், போரினால் நீதிமன்றம் செல்ல முடியாதிருந்தவர்களின் விடயத்தில், 1983 மே 1 முதல் 2009 மே 18 வரையான காலத்தை ஆட்சியுரிமைக் கணக்கில் சேர்க்கக்கூடாது என்றது. அந்தக் காலத்துக்குச் சலுகை கொடுத்துவிட்டு, அந்தக் காலத்தை நிரூபிக்கும் தாள்களைச் சாதாரணக் கழிவாக நடத்துவது முரண்பாடு.

எனவே நான் கேட்பது புதுக் கட்டடமோ கணினியோ அல்ல. வடக்கு, கிழக்குப் பிரதேச செயலகங்களிலும் மாவட்டச் செயலகங்களிலும், இதே இடைவெளிக்குள் உருவான இடம்பெயர்வு, நிவாரணம், மீள்குடியேற்றம், இழப்பீடு, காணி தொடர்பான கோப்புகளைத் தனி வகையாக அறிவித்து, கழிவுப் பட்டியலில் சேர்ப்பதைத் தடுக்கும் ஒரு சுற்றறிக்கை போதும். கூடவே, கழிவுப் பட்டியலில் “பல்வகை, 40 கோப்புகள்” என்று மொத்தமாக எழுதுவதை ஏற்கக்கூடாது. ஒவ்வொரு கோப்பின் இலக்கம், தலைப்பு, திறந்த திகதி, மூடிய திகதி ஆகியன வேண்டும். வழக்கு, கணக்காய்வு வினா, தகவல் கோரிக்கை எதுவும் நிலுவையில் இல்லை என்ற குறிப்பும் வேண்டும். கோப்பு அழிந்த பிறகும் அந்தப் பட்டியல் மட்டும் நிரந்தரமாக இருக்க வேண்டும். “கோப்பு இல்லை” என்ற பதில் உண்மையா என்பதைப் பின்னர் சோதிக்க அதைவிட வேறு வழி கிடையாது.

வாசகர்களும் ஒன்று செய்யலாம். தமது குடும்பத்தின் அனுமதிப்பத்திரக் கோப்பு, பேரேட்டுப் பக்கம், நிவாரண இடாப்பு ஆகியவற்றின் பிரதிகளைத் தகவலுக்கான உரிமைச் சட்டத்தின் கீழ் எழுத்தில் கேளுங்கள். கோரிக்கையோ அதன் மேன்முறையீடோ நிலுவையில் இருக்கும்வரை அந்தப் பதிவேட்டை அழிக்கக்கூடாது என்பதும் 7 ஆம் பிரிவின் கட்டளைதான். அந்த உரிமை இலங்கைக் குடிமக்களுக்கு மட்டுமே உரியது. வெளிநாட்டுக் குடியுரிமை பெற்று இலங்கைக் குடியுரிமையை இழந்தவர்கள் ஊரில் இருக்கும் உறவினர் ஒருவரைக் கொண்டு விண்ணப்பிக்க வேண்டியிருக்கும். கோப்பு அழிக்கப்பட்டுவிட்டது என்று பதில் வந்தால் அத்தோடு விட்டுவிடாதீர்கள். அது எந்தப் பட்டியலில், எந்தத் திகதியில், யாருடைய அனுமதியோடு அழிக்கப்பட்டது என்று அடுத்த கோரிக்கையில் கேளுங்கள்.